நீண்ட சொல்லைப் பிரித்துப் பொருள் காண்போம்



நாளிதழைப் படிக்கும்போதும், தோட்ட அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்பைப் படிக்கும்போதும் ஒரு மூச்சில் சொல்லி முடிக்க இயலாத நீண்ட சொற்கள் நம் கண்ணில் படுகின்றன. அகராதியைப் புரட்டினாலும் அவை முழுமையாக அதில் கிடைப்பதில்லை. ஏனெனில் அவை ஒரே சொல் அல்ல. பல சிறு சொற்கள் கைகோத்து நிற்கும் வரிசை. அந்த வரிசையை உரிய இடத்தில் பிரித்துவிட்டால், உள்ளே இருப்பவை எல்லாம் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களே என்பது புலப்படும். தவறான இடத்தில் பிரித்தாலோ இல்லாத பொருள் வந்து சேரும்.

இப்பாடத்தில் இரண்டு நீண்ட சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று, 'செம்பனைத்தோட்டத்தொழிலாளர்குடியிருப்புகளிலிருந்து' என்பது. மற்றொன்று, 'வேலையிழப்பீட்டுத்தொகை' என்பது. முதற்சொல்லை இக்காலத்தார் இடையிடையே இடம் விட்டு எழுதுவர். நாம் பிரிக்கும் முறையைக் கற்பதற்காக அதனைச் சேர்த்தே எழுதியுள்ளோம்.

முதலில் வாலைப் பிடிப்போம்

நீண்ட சொல்லைக் கண்டதும் பலரும் முன்பக்கத்திலிருந்து பிரிக்கத் தொடங்குகின்றனர். பின்பக்கத்திலிருந்து தொடங்குவதே எளிது. தமிழில் வேற்றுமை உருபும், பன்மையைக் காட்டும் 'கள்' விகுதியும் சொல்லின் இறுதியில்தான் வந்து ஒட்டும். அவற்றை முதலில் கழற்றிவிட்டால் சொல்லின் உடல் தெளிவாகத் தெரியும்.

'குடியிருப்புகளிலிருந்து' என்னும் பகுதியை உற்று நோக்குவோம். இறுதியில் 'லிருந்து' என்று காண்கிறோம். 'லிருந்து' என்று தமிழில் ஒரு சொல் உண்டா? இல்லை. அப்படியானால் 'லி' என்னும் எழுத்துக்குள்ளேயே ஒரு பிரிவு இருக்கிறது என்று பொருள். 'லி' என்பது ல் என்னும் மெய்யும் இ என்னும் உயிரும் சேர்ந்தது. மெய்யை முன்சொல்லுக்கும் உயிரைப் பின்சொல்லுக்கும் கொடுத்துவிட்டால் 'இல்' என்றும் 'இருந்து' என்றும் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. அதுபோலவே 'ளி' என்பதைப் பிரித்தால் 'கள்' என்றும் 'இல்' என்றும் கிடைக்கும்.

குடியிருப்புகளிலிருந்து = குடியிருப்பு + கள் + இல் + இருந்து.

இங்கு நாம் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சொற்கள் பிரியும் இடம் எப்போதும் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில்தான் இருக்கும் என்று எண்ணலாகாது. முன்சொல் மெய்யில் முடிந்து பின்சொல் உயிரில் தொடங்கினால், அவ்விரண்டும் கூடி ஓர் உயிர்மெய்யாகிவிடும். அப்போது பிரியும் இடம் ஓர் எழுத்தின் உள்ளேயே மறைந்துவிடுகிறது.

தலைச்சொல் எங்கே இருக்கிறது?

வாலைக் கழற்றியபின் எஞ்சி நிற்பது 'செம்பனைத்தோட்டத்தொழிலாளர்குடியிருப்பு'. இதன் கடைசிச் சொல் 'குடியிருப்பு'. இத்தகைய தொடர்களில் பெரும்பாலும் கடைசிச் சொல்லே தலைமையானது. அதற்கு முன்னால் நிற்பவை எல்லாம் அதனை விளக்க வந்தவை. ஆகவே இந்த நீண்ட சொல் செம்பனையைப் பற்றியது அன்று, தோட்டத்தைப் பற்றியதும் அன்று, குடியிருப்பைப் பற்றியது. 'எந்தக் குடியிருப்பு?' என்று கேட்டால் 'தொழிலாளர் குடியிருப்பு' என்று விடை வருகிறது. 'எந்தத் தொழிலாளர்?' என்றால் 'தோட்டத் தொழிலாளர்'. 'எந்தத் தோட்டம்?' என்றால் 'செம்பனைத் தோட்டம்'. இப்படிப் பின்னிருந்து முன்னோக்கி 'எந்த' என்று கேட்டுக்கொண்டே சென்றால் சொல்லே நமக்கு விடை சொல்லிக்கொண்டு வரும்.

இணைப்பு இடங்களைக் காண்போம்

இனி ஒவ்வோர் இணைப்பையும் அவிழ்த்துப் பார்ப்போம்.

'குடியிருப்பு' என்பது குடி + இருப்பு. 'குடி' என்பதன் இறுதியில் இ என்னும் உயிர் ஒலிக்கிறது. 'இருப்பு' என்பதன் முதலிலும் இ என்னும் உயிர் இருக்கிறது. இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் ஒலிப்பது கடினம். எனவே நடுவே ய் என்னும் மெய் தோன்றி அவற்றை இணைக்கிறது. இதனை உடம்படுமெய் என்பர். இ, ஈ, ஐ ஆகிய உயிர்களுக்குப் பின் ய் தோன்றும். ஏகாரத்தின்பின் ய், வ் இரண்டும் வரும். பிற உயிர்களின்பின் வ் தோன்றும். மா + இலை என்பது மாவிலை ஆவது போல. பிரிக்கும்போது இந்த ய், வ் ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும்; அவை எந்தச் சொல்லுக்கும் சொந்தமல்ல.

ஆனால் சொல்லின் நடுவில் வரும் ய், வ் எல்லாம் உடம்படுமெய் என்று எண்ணிவிடக் கூடாது. 'திருவிழா' என்பதில் வி இருக்கிறது. அதில் உள்ள வ் உடம்படுமெய் என்று கருதி நீக்கினால் திரு + இழா என்று வரும். 'இழா' என்றொரு சொல் இல்லை. ஆகவே அந்த வ், 'விழா' என்னும் சொல்லுக்கே உரியது. பிரித்தபின் இருபுறமும் பொருளுடைய சொல் நிற்கிறதா என்று பார்ப்பதே நம் முதற் சோதனை.

அடுத்து, 'தோட்டத்தொழிலாளர்'. இதனைச் சிலர் தோட்டத் + தொழிலாளர் என்று எழுதி நிறுத்திவிடுவர். 'தோட்டத்' என்பது தனிச்சொல் அன்று. முதற் சோதனையில் அது தோற்றுவிடுகிறது. அங்கு நிகழ்ந்தவை இரண்டு. 'தோட்டம்' என்பதன் இறுதியிலுள்ள ம் கெட்டது; அதன்பின் 'தொழிலாளர்' என்பதன் முதல் எழுத்துக்கு இனமான த் மிகுந்தது. ஆகவே தோட்டம் + தொழிலாளர் என்பதே சரியான பிரிப்பு. சொல்லின் நடுவில் 'த்தொ', 'க்க', 'ப்ப', 'ச்ச' போன்ற இரட்டை வல்லினத்தைக் கண்டால், அங்கே ஓர் இணைப்பு இருக்கலாம் என்று ஐயுறலாம். அந்த மெய்க்கு முன் அகர ஒலி இருந்தால், ஒரு ம் கெட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பின்சொல் வல்லினத்தில் தொடங்காவிட்டால் என்ன ஆகும்? நம் பெற்றோர் நன்கு அறிந்த 'சேமநிதி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சேமம் + நிதி என்பதில் ம் கெட்டது. ஆனால் ந் மெல்லினமாதலால் எதுவும் மிகவில்லை. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலும் இதனைக் காணலாம். நிலம் + நிதி, 'நிலநிதி' ஆயிற்று. நிலம் வாங்குவதற்கான நிதி என்பது அதன் பொருள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக எழுந்த சங்கம் அது. அதன் நோக்கம் அப்பெயரின் இரண்டு சிறு சொற்களிலேயே அடங்கியிருக்கிறது.

மீண்டும் நம் சொல்லுக்கு வருவோம். 'தொழிலாளர்' என்பது தொழில் + ஆள் + அர். 'லா', 'ள' ஆகிய எழுத்துகளுக்குள் பிரிவு மறைந்திருப்பதை இப்போது நீங்களே கண்டிருப்பீர்கள். 'தொழிலாளர்' என்பதற்கும் 'குடியிருப்பு' என்பதற்கும் இடையில் க் மிகவில்லை என்பதையும் கவனியுங்கள். உயர்திணைப் பெயர் மெய்யில் முடிந்து, அதனை அடுத்து வல்லினம் வந்தால் பெரும்பாலும் இயல்பாகவே நிற்கும்.

செம்பனை: செம்பா, செம்மையா?

எஞ்சியிருப்பது 'செம்பனை'. இதனை எவ்வாறு பிரிக்கலாம்? செம்பு + பனை என்று ஒரு மாணவன் பிரிக்கக்கூடும். 'செம்பு' என்பதும் சொல்தான். 'பனை' என்பதும் சொல்தான். முதற் சோதனையில் இது தேறிவிடுகிறது. ஆயினும் இது தவறு. எப்படி அறிவது?

இங்கேதான் நமக்கு இரண்டாம் சோதனை உதவுகிறது. பிரித்ததை மீண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செம்பு + குடம் என்பது சேர்ந்தால் 'செப்புக்குடம்' என்று ஆகிறது. மெல்லின மெய் வல்லினமாகத் திரிந்து, பின்னே வல்லினம் மிகுகிறது. அவ்வாறே செம்பு + பனை சேர்ந்தால் 'செப்புப்பனை' என்றுதான் வர வேண்டும். நம்மிடம் இருப்பதோ 'செம்பனை'. எனவே அது செம்பு அன்று.

'செம்மை' என்பதை வைத்துப் பார்ப்போம். செம்மை என்பது சிவப்பு நிறத்தைக் குறிக்கும். இத்தகைய பண்புப்பெயர்கள் வேறு சொல்லோடு சேரும்போது இறுதியிலுள்ள 'மை' கெட்டுவிடும். செம்மை + பனை என்பதில் மை கெட்டு, 'செம்' நின்று, 'செம்பனை' ஆயிற்று. பின்சொல்லின் முதலெழுத்துக்கு ஏற்ப அந்த ம் வேறு உருவமும் எடுக்கும். செம்மை + கல் என்பது செங்கல். செம்மை + தாமரை என்பது செந்தாமரை. செம், செங், செந் என மூன்று வேடங்களில் வந்தாலும் உள்ளே இருப்பது செம்மை ஒன்றே. செம்பனையின் பழக்குலை பழுக்கும்போது செந்நிறம் கொள்வதைத் தோட்டத்தில் வாழும் நாம் அறிவோம். சோதனையும் பொருளும் ஒத்துவருகின்றன.

மறைந்திருப்பதை வெளிக்கொணர்வோம்

சொற்களைப் பிரித்துவிட்டதால் மட்டும் பொருள் முழுமையாகிவிடாது. சொற்கள் சேரும்போது, அவற்றின் உறவைக் காட்டும் உருபுகள் நடுவில் மறைந்துவிடுகின்றன. இவ்வாறு மறைந்து நிற்பதனாலேயே இலக்கணத்தார் இதனைத் தொகை என்றனர். மறைந்ததை மீண்டும் இட்டு நிரப்பினால்தான் பொருள் விரியும்.

செம்பனைத் தோட்டம் என்பது செம்பனைகளை உடைய தோட்டம். தோட்டத் தொழிலாளர் என்பது தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளர். தொழிலாளர் குடியிருப்பு என்பதை என்னென்று விரிப்பது? 'தொழிலாளரது குடியிருப்பு' என்றும் விரிக்கலாம். 'தொழிலாளர்க்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்பு' என்றும் விரிக்கலாம். முதலாவது அவர்களுக்கே சொந்தம் என்ற எண்ணத்தைத் தரக்கூடும். இரண்டாவது அவர்கள் தங்குவதற்கென்று கொடுத்தது என்ற அளவில் நிற்கும். தோட்டத்து லயங்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் நன்கு அறிவர். சொல்லை எத்துணை முறை பிரித்தாலும் இந்த ஐயத்தைச் சொல்லே தீர்த்துவைக்காது. அது எழுதப்பட்டிருக்கும் அறிவிப்பையோ உடன்படிக்கையையோ முழுமையாகப் படித்துத்தான் எது பொருந்தும் என்று அறிய வேண்டும்.

இப்போது நம் முதற்சொல் விரிந்துவிட்டது: செம்பனைகளை உடைய தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளர்கள் வாழும் குடியிருப்புகளிலிருந்து.

இரண்டாம் சொல்: வேலையிழப்பீட்டுத்தொகை

இச்சொல் ஓர் அறிவிப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விரைந்து படிப்பவர் கண்ணில் முதலில் படுவது 'வேலையிழப்பு' என்பதே. படித்ததும் மனம் கலங்கும். ஆனால் நாம் கற்ற முறைப்படி கடைசிச் சொல்லைத் தேடுவோம். அது 'தொகை'. ஆகவே இது இழப்பைப் பற்றிய சொல் அன்று. கையில் வர வேண்டிய பணத்தைப் பற்றிய சொல்.

'வேலை' என்பது ஐகாரத்தில் முடிகிறது. 'இழப்பு' இகரத்தில் தொடங்குகிறது. நடுவே ய் தோன்றி 'வேலையிழப்பு' ஆயிற்று. இது முன்னர்க் கண்டதே.

அடுத்து 'பீ' என்னும் எழுத்து. இழப்பு + ஈடு என்பதில், 'இழப்பு' என்பதன் இறுதியிலுள்ள உகரம் குறுகி ஒலிக்கும் உகரம். பின்னே உயிர் வந்தால் அது கெட்டுவிடும். அப்போது எஞ்சிய ப் என்னும் மெய்யோடு ஈ சேர்ந்து 'பீ' ஆயிற்று. இங்கும் பிரிவு எழுத்தின் உள்ளேயே இருக்கிறது. ஆனால் முன்போல மெய்யையும் உயிரையும் பிரித்தால் மட்டும் போதாது. கெட்டுப்போன உகரத்தையும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இனி வருவதுதான் கடினமான இடம். 'ஈட்டுத்தொகை' என்பதை எப்படிப் பிரிப்பது? ஈட்டு + தொகை என்று பிரிக்கலாமா? 'ஈட்டு' என்பது தமிழில் உள்ள சொல்தான். பொருள் ஈட்டுதல் என்றால் சம்பாதித்தல். அப்படிக் கொண்டால் 'ஈட்டிய தொகை', அதாவது உழைத்துச் சம்பாதித்த பணம் என்று பொருள் வரும். அப்படிப் படிப்பவர், இது தமக்கு வர வேண்டிய பழைய சம்பளம் என்றே எண்ணிவிடுவார்.

மீண்டும் சேர்த்துப் பார்க்கும் சோதனையைச் செய்வோம். வினைச்சொல் ஒன்று காலம் காட்டாமல் பெயரோடு நேராகச் சேர்ந்தால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறு + காய் என்பது 'ஊறுகாய்' என்றே வரும். 'ஊறுக்காய்' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஈட்டுதல் என்னும் வினையாக இருந்தால் 'ஈட்டுதொகை' என்றுதான் வந்திருக்க வேண்டும். நம் சொல்லிலோ 'ஈட்டுத்தொகை' என்று த் மிகுந்திருக்கிறது. எனவே அங்கு நிற்பது வினை அன்று, பெயர்.

அந்தப் பெயர் எது? 'ஈடு' என்பது. ஈடு என்றால் ஒன்றுக்குச் சமமாகக் கொடுப்பது. 'டு', 'று' என்று முடியும் இத்தகைய பெயர்கள் வேறு சொல்லோடு சேரும்போது அவற்றின் வல்லின மெய் இரட்டிக்கும். வீடு + தோட்டம் என்பது வீட்டுத்தோட்டம். நாடு + பற்று என்பது நாட்டுப்பற்று. ஆறு + மணல் என்பது ஆற்றுமணல். அதுபோல ஈடு + தொகை என்பது ஈட்டுத்தொகை ஆயிற்று.

வேலையிழப்பீட்டுத்தொகை = வேலை + இழப்பு + ஈடு + தொகை.

மறைந்ததை இட்டு நிரப்பினால், 'வேலையை இழந்த இழப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் தொகை' என்று பொருள் விரிகிறது. இது சம்பளப் பாக்கியும் அன்று. சேமநிதிப் பணமும் அன்று. அவை வேறு, இது வேறு. தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் இத்தகைய தொகைக்குக் குறைந்த அளவு ஒன்றை வகுத்தன. ஆட்குறைப்பின்போது, ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவர்க்கு, அவ்விதிகளின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் என்பது அக்கணக்கு. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவர்க்கு அது 240 நாள் சம்பளமாகும். 'ஈட்டு' என்று படித்துப் பழைய சம்பளம் என்று எண்ணியவர், சம்பளப் பாக்கியைப் பெற்றுக்கொண்டு எல்லாம் வந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடும். த் என்னும் ஓர் ஒற்றை எழுத்து இத்துணைப் பொருளைத் தாங்கி நிற்கிறது.

ஓர் ஒற்று, இரு பொருள்

இந்த வேறுபாட்டை மேலும் இரண்டு எடுத்துக்காட்டுகளில் பார்ப்போம். பள்ளித் திடலை 'ஆடுகளம்' என்கிறோம். இதில் 'ஆடு' என்பது ஆடுதல் என்னும் வினை. ஆகவே இரட்டிக்கவும் இல்லை, க் மிகவும் இல்லை. 'ஆட்டுக்கொட்டகை' என்பதில் உள்ள 'ஆடு' விலங்கின் பெயர். ஆகவே டகரம் இரட்டித்து, க் மிகுந்தது. ஒரே உருவமுடைய இரண்டு சொற்களை ஒற்று வேறுபடுத்திக் காட்டுகிறது.

'ஊதிய பை' என்றும் 'ஊதியப் பை' என்றும் எழுதிப் பாருங்கள். முதலாவது, காற்று ஊதிப் பெருக்கச் செய்த பை. இரண்டாவது, ஊதியம் + பை. சம்பளப் பணம் வைக்கும் பை. ஊதியம் என்பதன் ம் கெட்டு ப் மிகுந்தது. சொற்களை இடம் விட்டு எழுதினாலும் இந்த ஒற்றை விட்டுவிடக் கூடாது என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவது இதனால்தான். இடம் விட்டு எழுதும்போது, முன்சொல்லின் இறுதியில் நிற்கும் அந்த ஒற்றே, 'நான் அடுத்த சொல்லோடு சேர்ந்தவன்' என்று நமக்கு அறிவிக்கிறது.

பிரிக்கக் கூடாத சொற்களும் உண்டு

நீண்ட சொல்லை எல்லாம் பிரித்தே தீர வேண்டும் என்பதில்லை. 'பலகை' என்பதைப் பல + கை என்று பிரித்தால் இருபுறமும் சொற்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் 'ஆசிரியர் பலகையில் எழுதினார்' என்னும் வாக்கியத்தில் அது பல கைகளைக் குறிக்கவில்லை. அங்கு அது பிரியாத தனிச்சொல். எழுத்துச் சோதனைகள் இரண்டிலும் தேறினாலும் வாக்கியத்தோடு பொருந்தாத பிரிப்பைத் தள்ளிவிட வேண்டும். இதுவே மூன்றாம் சோதனை.

வேறு சில சொற்களைச் சரியாகப் பிரித்தாலும் பொருள் முழுவதும் கிடைப்பதில்லை. 'நாற்காலி' என்பது நான்கு + கால் + இ. நான்கு என்பது 'நால்' ஆகி, பின்னே க வந்தமையால் ல், ற் ஆகத் திரிந்தது. நான்கு கால்களை உடையது என்பது இதன் பொருள். மேசைக்கும் நான்கு கால்கள். பசுவுக்கும் நான்கு கால்கள். ஆனால் அவற்றை நாம் நாற்காலி என்பதில்லை. பெயர் வந்த காரணத்தைத்தான் பிரிப்பு காட்டும். அப்பெயர் எப்பொருளுக்கு வழங்குகிறது என்பதை வழக்கே காட்டும். 'செம்பனை'யும் அத்தகையதே. சிவப்பான பனை எதுவாயினும் செம்பனை ஆகிவிடாது. எண்ணெய் தரும் அந்த ஒரு மரத்துக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது.

முறையைத் தொகுத்துக் காண்போம்

1. இறுதியில் உள்ள உருபையும் 'கள்' விகுதியையும் முதலில் கழற்றுக.
2. கடைசிச் சொல்லைக் கண்டு, அதிலிருந்து முன்னோக்கி 'எந்த?' என்று கேட்டுச் செல்க.
3. இணைப்பு இடங்களில் தோன்றிய எழுத்தை நீக்குக. கெட்ட எழுத்தைத் திரும்பத் தருக. திரிந்த எழுத்தைப் பழைய உருவுக்குக் கொண்டுவருக.
4. பிரித்த ஒவ்வொன்றும் பொருளுடைய சொல்லா என்று பார்க்க. மீண்டும் சேர்த்தால் அதே சொல் வருகிறதா என்று பார்க்க. வாக்கியத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க.
5. மறைந்து நிற்கும் உருபை இட்டுப் பொருளை விரித்து எழுதுக.

பயிற்சி

கீழ்வரும் சொற்களைப் பிரித்து, பொருளையும் எழுதிப் பாருங்கள். விடையைப் பார்ப்பதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் படித்துக் காட்டி அவர்களையும் கேளுங்கள்.

அ. செங்கற்சூளை
ஆ. ஊறுகாய்ச்சாடி
இ. பள்ளிப்பேருந்துக்கட்டணம்
ஈ. ஊழியர்சேமநிதிக்கணக்கிலிருந்து

விடைகள்

அ. செம்மை + கல் + சூளை. செம்மையின் மை கெட்டு, ம் ங் ஆகத் திரிந்தது. கல் என்பதன் ல் ற் ஆகத் திரிந்தது. செந்நிறக் கற்களைச் சுடும் சூளை என்பது பொருள்.

ஆ. ஊறு + காய் + சாடி. ஊறு + காய் வினைத்தொகையாதலால் அங்கு ஒற்று மிகவில்லை. காய் என்பதன்பின் ச் மிகுந்தது. ஊறிய காயை இட்டு வைக்கும் சாடி என்பது பொருள்.

இ. பள்ளி + பெருமை + உந்து + கட்டணம். பெருமையின் மை கெட்டு, முதலெழுத்து நீண்டு 'பேர்' ஆகி, உந்து என்பதோடு சேர்ந்து 'பேருந்து' ஆயிற்று. கடைசிச் சொல் கட்டணம். பள்ளிக்குச் செல்லும் பேருந்துக்காகச் செலுத்தும் கட்டணம் என்பது பொருள்.

ஈ. ஊழியர் + சேமம் + நிதி + கணக்கு + இல் + இருந்து. கணக்கு என்பதன் உகரம் கெட்டு, க் என்னும் மெய்யோடு இகரம் சேர்ந்து 'கி' ஆயிற்று. ஊழியர்க்குரிய சேமத்துக்கான நிதியின் கணக்கிலிருந்து என்பது பொருள். 'ஊழியர்' என்பதன்பின் ச் மிகாதது ஏன் என்பதை முன்னர்க் கண்ட 'தொழிலாளர் குடியிருப்பு' என்பதோடு ஒப்பிட்டு நீங்களே கூறுங்கள்.